தாமதமாகப் போன தீபாவளிப் பெட்டி: மன்னிப்புக் கடிதத்தைத் திருத்தி எழுதுவது பற்றி அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

நானும் என் அக்காவும் கும்பகோணத்தில் வீட்டிலேயே பலகாரம் செய்து விற்கிறோம். 2025 தீபாவளிக்கு 61 பெட்டிகளுக்கு ஆர்டர் எடுத்தோம். அவற்றில் 19 பெட்டிகள் பண்டிகைக்கு முன்னால் போய்ச் சேரவில்லை. அன்று நாங்கள் முதலில் அனுப்பிய மன்னிப்பும், மூன்று மணி நேரம் கழித்து அதைத் திருத்தி அனுப்பியதும் இன்னும் எங்கள் போனில் இருக்கின்றன. வீட்டிலிருந்து தொழில் செய்யும் பலர் அதைப் பற்றி எங்களிடம் கேட்டதால், அந்தக் கேள்விகளை வைத்தே இதை எழுதுகிறேன்.

"லேட் ஆனதுக்கு மன்னிப்புக் கேட்டு மெசேஜ் போட்டாச்சு. ஒருத்தர்கூட பதில் போடல. அதுல என்ன குறை?"

எங்கள் முதல் மெசேஜ் இதுதான். தீபாவளிக்கு முந்தின நாள், அக்டோபர் 19 ஞாயிறு, மாலை 4 மணிக்கு அனுப்பினோம்:

"அன்பார்ந்த வாடிக்கையாளர்களுக்கு வணக்கம். தவிர்க்க முடியாத காரணங்களால் தங்கள் ஆர்டர்கள் வந்து சேர்வதில் சற்றுத் தாமதம் ஏற்பட்டுள்ளது. இதனால் ஏதேனும் சிரமம் ஏற்பட்டிருந்தால் வருந்துகிறோம். தங்கள் பொறுமைக்கும் ஆதரவுக்கும் நன்றி. இனிய தீபாவளி நல்வாழ்த்துகள்!"

படிக்க மரியாதையாகத்தான் இருக்கிறது. எழுதும்போது எங்களுக்கும் திருப்தியாக இருந்தது. சிறிது நேரத்தில் நாலு வருஷமாக வாங்கும் ஓர் அம்மா ஒரே வரி அனுப்பினார்: "தவிர்க்க முடியாத காரணம்னா என்னம்மா? என் பெட்டி எங்க இருக்கு?"

அவர் கேட்ட இரண்டுக்கும் எங்கள் மெசேஜில் பதில் இல்லை. "சற்று" என்றால் ஒரு நாளா, ஒரு வாரமா என்று அதில் தெரியாது. பெட்டி எந்த ஊரில் நிற்கிறது என்று தெரியாது. மறுநாள் விடியற்காலை எண்ணெய் தேய்த்துக் குளித்ததும் வாயில் போட்டுக்கொள்ள லேகியம் இருக்குமா இருக்காதா என்பது அவருடைய கவலை. இருக்காது என்று எங்களுக்கு அப்போதே தெரியும். தெரிந்தும் "சற்றுத் தாமதம்" என்று எழுதியிருந்தோம்.

பதில் வரவில்லை என்றால் எல்லோரும் மன்னித்துவிட்டார்கள் என்று எடுத்துக்கொள்ள வேண்டாம். பதில் சொல்லும்படி அந்த மெசேஜில் ஒன்றும் இல்லாமல் இருந்திருக்கலாம். அனுப்பும் முன் வாடிக்கையாளர் இடத்தில் உட்கார்ந்து ஒருமுறை படித்துப் பாருங்கள். படித்து முடித்ததும் "அப்போ நான் இப்ப என்ன செய்யணும்?" என்ற கேள்வி மிஞ்சினால், மெசேஜ் இன்னும் தயாராகவில்லை.

"'ஏற்பட்ட சிரமத்திற்கு வருந்துகிறோம்'னு எல்லாக் கடையும்தான் எழுதுறாங்க. அதுல என்ன தப்பு இருக்கு?"

தமிழில் ஒரு வசதி உண்டு. செய்தவரைச் சொல்லாமலே ஒரு வாக்கியத்தை முடித்துவிடலாம். "தாமதம் ஏற்பட்டது" என்றால் தாமதம் தானாகவே வந்து உட்கார்ந்தது போல இருக்கிறது. "தாமதமாக அனுப்பினோம்" என்றால் ஓர் ஆள் தெரிகிறார். ஏற்பட்டுள்ளது, நேர்ந்துவிட்டது, ஆகிவிட்டது என்ற வினைகளை ரயில் நிலைய அறிவிப்பிலும் அலுவலகக் கடிதத்திலும் கேட்டுக் கேட்டு நமக்குப் பழகிவிட்டது. மரியாதையான தமிழ் என்றால் இப்படித்தான் என்று நினைத்து நம் கடைக்கும் அதையே எடுத்துக்கொள்கிறோம்.

எங்கள் மெசேஜில் அப்படி இரண்டு "ஏற்பட்டு" இருந்தன. அக்கா பேனாவால் இரண்டையும் வட்டமிட்டு, ஒவ்வொன்றின் பக்கத்திலும் "யார்?" என்று எழுதினாள். அந்தக் கேள்விக்குப் பதிலை எழுதத் தொடங்கியதும்தான் புதிய கடிதம் வந்தது.

அடுத்தது அந்த "இருந்தால்". "சிரமம் ஏற்பட்டிருந்தால் வருந்துகிறோம்" என்றால், உங்களுக்குச் சிரமம் வந்ததா என்பதே எங்களுக்குச் சந்தேகம் என்றாகிவிடுகிறது. தீபாவளிப் பெட்டி தீபாவளிக்கு வரவில்லை, இதில் சந்தேகப்பட என்ன இருக்கிறது? "பொறுமைக்கு நன்றி"யும் அப்படித்தான். அவர் இன்னும் பொறுத்துக்கொள்ளவே இல்லை, அதற்குள் நன்றி சொல்லி முடித்துவிடுகிறோம்.

"வருந்துகிறோம்" என்ற சொல்லையும் கொஞ்சம் யோசிக்க வேண்டும். பக்கத்து வீட்டில் துக்கம் என்றாலும் வருந்துகிறோம், நாமே தவறு செய்தாலும் வருந்துகிறோம். தவறு நம்முடையது என்றால் "மன்னித்துக்கொள்ளுங்கள்" என்று நேராகக் கேட்பதுதான் பொருந்தும்.

அதற்காக அந்த ஒரு சொல் எல்லாவற்றையும் செய்துவிடாது. அமெரிக்காவில் ஓஹையோ மாநிலப் பல்கலைக்கழகத்தின் ராய் லெவிக்கி என்ற பேராசிரியரும் அவருடன் சேர்ந்தவர்களும் 2016-இல் ஓர் ஆய்வு வெளியிட்டார்கள். மன்னிப்பின் ஆறு பகுதிகளைத் தனித்தனியாகவும் சேர்த்தும் கொடுத்து, எது மனதில் எடுபடுகிறது என்று பார்த்தார்கள். "இது என் தவறு" என்று பொறுப்பேற்பது முதலில் வந்தது. அடுத்து, சரிசெய்து தருகிறேன் என்பது. "மன்னித்துவிடுங்கள்" என்று கேட்பதுதான் கடைசி. மூன்று வரிக்கு மன்னிப்புக் கேட்டுவிட்டுப் பொறுப்பை ஒரு வரியில்கூட எடுக்காத மெசேஜ் ஏன் எடுபடுவதில்லை என்று அதைப் படித்தபோது எனக்குப் புரிந்தது.

"லேட் பண்ணினது கூரியர்காரங்க. அவங்க தப்பை நாங்க ஏன் தலையில போட்டுக்கணும்?"

முதலில் நாங்களும் அப்படித்தான் நினைத்தோம். அப்புறம் அந்த வாரத்தை நாள் நாளாக ஒரு தாளில் எழுதிப் பார்த்தோம்.

பெட்டியில் முறுக்கு, சீடை, அதிரசம், லேகியம் நான்கும் இருக்கும். அதிரச மாவைப் பாகில் கிளறினால் இரண்டு நாளாவது ஊறவிட வேண்டும். உடனே தட்டிப் போட்டால் எண்ணெயில் பிரிந்துவிடும். அக்டோபர் 14 செவ்வாய் வரை ஆர்டர் எடுத்துக்கொண்டே இருந்தோம். கடைசியாக வந்த ஆர்டர்களுக்கான மாவை அன்று இரவுதான் கிளறினோம். அதைச் சுட முடிந்தது 16 வியாழன் மதியம். பெட்டி கட்டி முடிக்க மாலை ஆறாகிவிட்டது. கூரியர் கிளையிலிருந்து ஆறு மணிக்கு வண்டி கிளம்பிவிடும். நாங்கள் போய்ச் சேர்ந்தபோது மணி 6.40.

அந்த நாற்பது நிமிஷம் எப்படி வளர்ந்தது என்று பாருங்கள். 19 பெட்டிகளும் வெள்ளி மாலை வண்டியில்தான் ஏறின. சனிக்கிழமை திருச்சியில் பண்டிகைப் பார்சல் குவிந்து, மழையும் சேர்ந்து, அங்கேயே நின்றுவிட்டன. ஞாயிறு டெலிவரி இல்லை. திங்கள் தீபாவளி. செவ்வாயும் விடுமுறை. வீட்டுக்குப் போனது 22 புதன்கிழமை. வியாழன் மதியத்துக்குள் நாங்கள் கொடுத்த மற்ற 42 பெட்டிகளும் அதே கூரியரில் சனிக்கிழமைக்குள் போய்ச் சேர்ந்திருந்தன.

திருச்சியில் நின்ற ஒரு நாள் கூரியருடையதுதான். ஆனால் பண்டிகை வாரத்தில் பார்சல் குவியும் என்று தெரிந்தும் ஒரு நாள்கூட இடைவெளி வைக்காமல் தேதி கொடுத்தது நாங்கள். வாடிக்கையாளர் பணம் அனுப்பியது எங்களுக்கு. கூரியரைத் தேர்ந்தெடுத்ததும் நாங்களே. அதனால் கடிதத்தில் எங்கள் பங்கை முதலில் சொன்னோம். கூரியர் பற்றி, பெட்டி இப்போது எங்கே இருக்கிறது என்ற தகவலுக்காக மட்டும் ஒரு வரி எழுதினோம்.

உண்மையிலேயே உங்கள் பங்கு ஒன்றுமே இல்லாத தாமதமும் உண்டு. வெள்ளத்தில் சாலை துண்டிக்கப்பட்டது என்று வைத்துக்கொள்வோம். அப்போது செய்யாத தவறை ஒப்புக்கொள்ள வேண்டாம், அதுவும் பொய்தான். "சாலை அடைபட்டிருக்கிறது, பெட்டி விழுப்புரத்தில் இருக்கிறது, உங்கள் பணத்துக்கு நாங்கள் பொறுப்பு" என்று எழுதலாம். தவறு யாருடையதாக இருந்தாலும், அதை நேராக்கும் பொறுப்பு விற்றவருக்கு இருக்கிறது.

"மாத்தி எழுதினதை அப்படியே காட்ட முடியுமா?"

ஞாயிறு இரவு ஏழு மணிக்கு அனுப்பியது இது. ஒவ்வொருவருக்கும் பெயரும், தேவையான இடத்தில் தொகையும் மாறும்.

"வணக்கம் மேடம். அக்டோபர் 18 சனிக்கிழமைக்குள் பெட்டி வந்துவிடும் என்று சொல்லி உங்களிடம் பணம் வாங்கினோம். பெட்டி இன்னும் திருச்சியில்தான் இருக்கிறது. நாளைக் காலை தீபாவளிக்கு அது உங்கள் வீட்டுக்கு வராது.

இது எங்கள் தவறு. எங்களால் நேரத்துக்குச் செய்து முடிக்கக்கூடியதைவிட அதிக ஆர்டர் எடுத்துவிட்டோம். வியாழக்கிழமை கூரியர் வண்டி கிளம்பிய பிறகுதான் உங்கள் பெட்டியைக் கொண்டுபோய்க் கொடுத்தோம். அதை அன்றே உங்களிடம் சொல்லியிருக்க வேண்டும், சொல்லவில்லை. மன்னித்துக்கொள்ளுங்கள்.

இன்று இரவு நாட்டு மருந்துக் கடைகள் திறந்திருந்தால் லேகியம் மட்டும் வாங்கிக்கொள்ளுங்கள். லேகியத்துக்கான 180 ரூபாயையும் கூரியர் கட்டணம் 120 ரூபாயையும், மொத்தம் 300 ரூபாய், நீங்கள் பணம் அனுப்பிய அதே கணக்குக்கு இன்று இரவு 9 மணிக்குள் அனுப்பிவிடுகிறோம். அதற்கு எந்த லிங்க்கும் பின் நம்பரும் தேவையில்லை.

பெட்டி புதன்கிழமை கிடைக்கும் என்று கூரியரில் சொல்கிறார்கள். அப்போது பலகாரம் வேண்டாம் என்று தோன்றினால் 'வேண்டாம்' என்று ஒரு வார்த்தை போடுங்கள். மீதி 770 ரூபாயும் அன்றே வந்துவிடும். பெட்டியைத் திருப்பி அனுப்ப வேண்டாம். பெட்டி ஈரமாக இருந்தால் எதையும் சாப்பிடாதீர்கள், எங்களுக்குச் சொல்லுங்கள்.

பேச வேண்டும் என்றால் இந்த நம்பருக்கே கூப்பிடுங்கள். இரவு 10 மணி வரை நான் எடுப்பேன்."

முதல் மெசேஜைவிட இது நாலு மடங்கு நீளம். மன்னிப்பு சுருக்கமாக இருக்க வேண்டும் என்று சொல்வார்கள். ஒவ்வொரு வரியிலும் வாடிக்கையாளருக்குத் தேவையான ஒன்று இருந்தால் நீளம் உறுத்தாது என்பது என் அனுபவம். முதல் மூன்று வரியில் மோசமான செய்தி முழுவதும் வந்துவிட வேண்டும், அதில் மட்டும் நான் பிடிவாதமாக இருப்பேன். வாட்ஸாப்பில் நீளமான மெசேஜ் பாதியில் மடங்கிவிடும். மேலே தெரியும் பகுதியை மட்டும் படிப்பவருக்கும் "நாளை வராது" என்பது தெரிந்தாக வேண்டும்.

"அதை அன்றே சொல்லியிருக்க வேண்டும், சொல்லவில்லை" என்ற வரியை அக்கா சேர்த்தாள். எனக்கு அது வேண்டாம் என்று தோன்றியது. பதில் போட்டவர்களில் மூன்று பேர் அந்த வரியைப் பற்றித்தான் எழுதினார்கள்.

"இனிய தீபாவளி" வாழ்த்தை எடுத்துவிட்டோம். பண்டிகைக்குச் செய்ய வேண்டியதைச் செய்யாமல் வாழ்த்துச் சொல்ல மனம் வரவில்லை.

"எப்போ அனுப்பணும்? பார்சல் கிடைச்சப்புறம் ஒரு தடவை சொன்னா போதாதா?"

வியாழன் மாலை 6.40-க்கே எங்களுக்கு ஆபத்து தெரியும். சனிக்கிழமை காலை கூரியரின் டிராக்கிங்கில் திருச்சி என்று பார்த்தபோது உறுதியாகவே தெரிந்துவிட்டது. ஒருவேளை மாலைக்குள் போய்விடும் என்று வேண்டிக்கொண்டு காத்திருந்தோம். ஞாயிறு இரவு உண்மையைச் சொன்னபோது, லேகியம் வாங்க அவர்களுக்கு இரண்டு மணி நேரம்தான் மிச்சம். சனிக்கிழமை காலையே சொல்லியிருந்தால் முழுதாக இரண்டு நாள் இருந்திருக்கும். வீட்டிலேயே கிண்டிக்கூட இருக்கலாம்.

அந்த இரண்டு நாளை எந்தப் பணத்தாலும் எங்களால் திருப்பிக் கொடுக்க முடியவில்லை. இப்போது எங்களுக்கு ஒரு வழக்கம்: சொன்ன தேதிக்கு முந்தின நாள் காலை பத்து மணிக்கு டிராக்கிங் பார்ப்போம். பெட்டி அந்த ஊருக்குப் போய்ச் சேர்ந்திருக்காவிட்டால் உடனே சொல்லிவிடுவோம். கடைசியில் நேரத்துக்கே போய்விட்டால் யாரும் கோபித்துக்கொள்வதில்லை.

பெட்டி கிடைத்த பிறகு இன்னொரு மெசேஜ் வேண்டும். அதில் திரும்பவும் மன்னிப்பு வேண்டாம். "கிடைத்ததா, நன்றாக இருக்கிறதா, முந்நூறு ரூபாய் வந்துவிட்டதா" என்று கேட்டால் போதும்.

"பணமா திருப்பிக் கொடுக்கணுமா? அடுத்த ஆர்டருக்கு தள்ளுபடி கொடுத்தா போதாதா?"

இதற்கு நேரடியாக உதவும் ஒரு பெரிய ஆய்வு இருக்கிறது. ஊபர் நிறுவனத்தில் வண்டி தாமதமான 15 லட்சம் பயணிகளை வைத்து, ஜான் லிஸ்ட் உள்ளிட்ட பொருளாதார அறிஞர்கள் சோதித்தார்கள். சிலருக்கு வெறும் மன்னிப்பு போனது. சிலருக்கு 5 டாலர் கூப்பனும் சேர்ந்து போனது. வெறும் வார்த்தைகளால் பெரிய பயன் இல்லை, கூப்பனோடு போனது வேலை செய்தது. இன்னொன்றும் தெரிந்தது. மன்னிப்புக் கேட்ட பிறகும் திரும்பத் திரும்பத் தாமதமானால், மன்னிப்பே கேட்காமல் இருப்பதைவிட அது மோசமாகிவிடுகிறது.

அங்கே கூப்பன் வேலை செய்தது என்பதால் நமக்கும் கூப்பன் போதும் என்று முடிவு செய்ய நான் தயங்குவேன். வாடகை வண்டி அடுத்த வாரமே தேவைப்படும். தீபாவளிப் பெட்டி வருஷத்துக்கு ஒருமுறைதான். "அடுத்த முறை 20 சதவீதம் தள்ளுபடி" என்றால், என் இழப்பு சரியாக வேண்டுமென்றால் உங்களை நம்பி நான் இன்னொரு முறை பணம் கட்ட வேண்டும் என்று ஆகிறது. நம்பிக்கை உடைந்திருக்கும் நேரத்தில் அதைக் கேட்பது சரியில்லை. மாதம் இரண்டு முறை இட்லிப் பொடி வாங்குபவருக்கு என்றால் தள்ளுபடி பொருந்தலாம்.

எவ்வளவு என்பதற்கு எங்கள் கணக்கு இது. தாமதத்தால் எது பயனில்லாமல் போனதோ, அதன் விலையைக் கேட்காமலே கொடுப்பது. தீபாவளி முடிந்ததும் லேகியத்துக்கு வேலை இல்லை. நேரத்துக்கு வராத கூரியருக்குக் கட்டணம் வாங்குவதும் நியாயம் இல்லை. முறுக்கும் சீடையும் புதன்கிழமையும் நன்றாகத்தான் இருக்கும், அதனால் அது அவர்கள் விருப்பம். ஒரு பெட்டி கூரியரோடு 1,070 ரூபாய். 15 பேருக்கு 300 வீதம் 4,500 ஆனது. நான்கு பேர் முழுப் பணமும் கேட்டார்கள், அது 4,280. மொத்தம் 8,780 ரூபாய். எங்களுக்கு அது சின்னத் தொகை இல்லை. அந்தத் தீபாவளி லாபத்தில் நன்றாகவே குறைந்தது.

உங்களால் முடியாத தொகையை வாக்குக் கொடுத்துவிடாதீர்கள். "9 மணிக்குள்" என்று எழுதினால் 9 மணிக்குள் பணம் போக வேண்டும். தாமதத்துக்கான மன்னிப்பில் சொன்ன நேரமும் தாமதமானால், அதற்குப் பிறகு நீங்கள் எழுதும் எதையும் யாரும் நம்பமாட்டார்கள். நாங்கள் முதலில் பணத்தை அனுப்பத் தொடங்கிவிட்டு, அதற்குப் பிறகுதான் மெசேஜை அனுப்பினோம்.

சின்ன எச்சரிக்கை ஒன்று. பலர் மகன் அல்லது மகளின் யுபிஐ-யிலிருந்து பணம் கட்டியிருப்பார்கள். ஆர்டர் போட்ட நம்பருக்கே கண்ணை மூடிக்கொண்டு அனுப்பாமல், வங்கி விவரத்தில் எந்தக் கணக்கிலிருந்து வந்தது என்று பார்த்து அனுப்புங்கள். பணம் திருப்பித் தருகிறோம் என்று லிங்க் அனுப்பி ஏமாற்றுகிறவர்கள் நிறையப் பேர் இருக்கிறார்கள். அதனால்தான் லிங்க் தேவையில்லை என்று கடிதத்திலேயே எழுதினோம்.

"தப்பு எங்களோடதுன்னு எழுத்துல கொடுத்துட்டா, நாளைக்கு நுகர்வோர் கோர்ட்ல அதையே காட்ட மாட்டாங்களா?"

காட்டலாம். ஆனால் நீங்கள் ஒப்புக்கொள்ளாவிட்டாலும், "18-ஆம் தேதிக்குள் வந்துவிடும்" என்று நீங்கள் அனுப்பிய மெசேஜும் பெட்டி 22-ஆம் தேதி வந்ததற்கான கூரியர் பதிவும் அவர்களிடம் ஏற்கெனவே இருக்கின்றன.

1872-ஆம் வருஷத்து இந்திய ஒப்பந்தச் சட்டத்தின் 55-ஆம் பிரிவை ஒருமுறை தெரிந்துகொள்வது நல்லது. குறித்த நேரத்தில் செய்வதுதான் ஒப்பந்தத்தின் உயிர் என்று இரு தரப்பும் நினைத்திருந்து, நேரத்துக்குச் செய்யாவிட்டால், வாங்கியவர் அந்த ஒப்பந்தத்தை வேண்டாம் என்று சொல்லிவிடலாம். தீபாவளிப் பெட்டி, கல்யாணத்துக்குத் தைத்த ரவிக்கை, பிறந்தநாள் கேக் எல்லாம் அப்படிப்பட்டவைதான். ஆன்லைன் விற்பனைக்கான 2020-ஆம் வருஷத்து நுகர்வோர் பாதுகாப்பு விதிகளும் இதே வழியில்தான் போகின்றன. சொன்ன தேதிக்குப் பிறகு வந்த பொருளைத் திரும்ப எடுக்கவோ பணம் தரவோ மறுக்கக் கூடாது, மனித சக்திக்கு மீறிய காரணம் என்றால் மட்டும் விலக்கு. அதனால் முழுப் பணமும் தருகிறோம் என்று நாங்கள் எழுதியதைப் பெருந்தன்மை என்று சொல்லிக்கொள்ள மாட்டேன்.

எழுதும்போது நடந்ததை மட்டும் எழுதுங்கள். "எங்கள் அலட்சியத்தால் உங்கள் பண்டிகையே பாழாகிவிட்டது" என்று உணர்ச்சிவசப்பட்டு எழுதத் தேவையில்லை. யாருக்காவது உடம்புக்கு முடியாமல் போயிருந்தாலோ, தொகை லட்சத்தில் இருந்தாலோ, மெசேஜ் அனுப்பும் முன் ஒரு வக்கீலிடம் பேசிவிடுங்கள்.

"எல்லாருக்கும் பிராட்காஸ்ட்ல ஒரே மெசேஜா போட்டுடலாமா?"

வேண்டாம். வாட்ஸாப் பிராட்காஸ்ட் லிஸ்டில் போடும் மெசேஜ், உங்கள் நம்பரைச் சேமித்து வைத்திருப்பவர்களுக்கு மட்டுமே போகும். முதல்முறை வாங்கியவர்கள் பெரும்பாலும் சேமித்திருக்க மாட்டார்கள். அப்படி பிராட்காஸ்டில் போட்ட எங்கள் முதல் மெசேஜ் 19 பேரில் 8 பேருக்குப் போகவே இல்லை என்று பிறகுதான் கண்டுபிடித்தோம்.

அதோடு, பெட்டி நேரத்துக்குக் கிடைத்த 42 பேரில் பலரும் அந்த லிஸ்டில் இருந்தார்கள். "எனக்கு வந்துடுச்சே, என்ன ஆச்சு?" என்று அவர்கள் குழம்பினார்கள். 19 பேருக்குத் தனித்தனியாகப் பெயர் போட்டு அனுப்ப எங்களுக்கு முக்கால் மணி நேரம் ஆனது.

"கோபமா திட்டி பதில் வந்தா என்ன எழுதுறது?"

பெங்களூரில் இருக்கும் ஒருவர் நங்கநல்லூரில் தனியாக இருக்கும் அம்மாவுக்காக ஆர்டர் போட்டிருந்தார். "அம்மாவுக்கு முட்டி வலி, இந்த வருஷம் ஒண்ணும் செய்ய முடியல. உங்களை நம்பி நான் எதுவும் ஏற்பாடு பண்ணல. முந்நூறு ரூபாய் யாருக்கு வேணும்?" என்று எழுதினார்.

அவரிடம் எங்கள் தரப்பை விளக்கவில்லை. காரணத்தை ஏற்கெனவே சொல்லியாகிவிட்டது. இன்னொரு முறை சொன்னால் வாதாடுவது போல ஆகிவிடும். அக்கா இப்படி எழுதினாள்: "நீங்கள் சொல்வது சரி சார். அம்மா தீபாவளிக்குக் காத்திருந்தது எங்களால் வீணாகிவிட்டது. நீங்கள் சம்மதித்தால் அம்மாவிடம் நானே போனில் பேசி மன்னிப்புக் கேட்கிறேன்." ஒரு மணி நேரம் கழித்து நம்பர் அனுப்பினார். அந்த அம்மா அக்காவிடம் பத்து நிமிஷம் பேசினார். பாதிப் பேச்சு லேகியத்தில் அரிசித் திப்பிலி எவ்வளவு போடுகிறாய் என்பதைப் பற்றி.

பணம் கட்டியவர் ஒருவர், பெட்டிக்காகக் காத்திருந்தவர் வேறொருவர் என்பது எங்களுக்கு அப்போதுதான் உறைத்தது. பரிசாகவோ பெற்றோருக்காகவோ போகும் ஆர்டர்களில் இது எப்போதும் இருக்கும். பணம் கட்டியவரைக் கேட்காமல் மற்றவரைக் கூப்பிட்டுவிடாதீர்கள், சிலர் ரகசியமாக அனுப்பியிருப்பார்கள்.

மகன் முழுப் பணத்தையும் திருப்பி வாங்கிக்கொண்டார். அதற்குப் பிறகு அவர் எங்களிடம் எதுவும் வாங்கவில்லை. எல்லோரும் திரும்பி வந்துவிடுவார்கள் என்று நினைத்துக்கொண்டு மன்னிப்பு எழுத வேண்டாம்.

"கூகுள்ல ஒரு ஸ்டார் போட்டுட்டாங்க. அங்கேயும் இதே மெசேஜை போடலாமா?"

இரண்டே வரி போதும். "18-ஆம் தேதி சொன்ன பெட்டியை 22-ஆம் தேதிதான் கொடுத்தோம், தவறு எங்களுடையது. உங்களிடம் தனியாகப் பேசிவிட்டோம், பணம் அனுப்பிவிட்டோம்." எவ்வளவு பணம், எந்த ஊர், யாருக்கான பெட்டி என்பதையெல்லாம் பொதுவில் எழுதாதீர்கள். பணம் கொடுத்ததைக் காட்டி ரிவ்யூவை எடுக்கச் சொல்வதும் கூடாது.

"'இனிமே இப்படி நடக்காது'னு எழுதலாமா?"

நாங்கள் எழுதவில்லை. ஞாயிறு இரவு அதை எழுதியிருந்தால் வெறும் வார்த்தையாக இருந்திருக்கும். அடுத்து என்ன மாற்றப் போகிறோம் என்று எங்களுக்கே அப்போது தெரியாது.

தீபாவளி முடிந்து பத்து நாள் கழித்து, அந்த 19 பேருக்கு மட்டும் கடைசியாக ஒரு மெசேஜ் போனது: "அடுத்த தீபாவளிக்கு 45 பெட்டிகள் மட்டுமே செய்கிறோம். பண்டிகைக்குப் பன்னிரண்டு நாள் முன்பே ஆர்டரை நிறுத்திவிடுவோம். பண்டிகைக்கு ஐந்து நாள் முன்பே எல்லாப் பெட்டியும் எங்கள் வீட்டைவிட்டுக் கிளம்பிவிடும். கிளம்பிய அன்றே ரசீது உங்களுக்கு வரும்." அதில் எதையும் வாங்கச் சொல்லவில்லை.

பொங்கலுக்கு அவர்களில் ஆறு பேர் முறுக்கு கேட்டார்கள். ஏழாவதாக ஒருவர், ஆர்டருக்கு நாங்கள் சொன்ன கடைசித் தேதி முடிந்த மறுநாள் கேட்டார். அதிரசம் வேண்டுமாம். மாவு ஊற நாள் இல்லை என்று சொல்லி அந்த ஆர்டரை எடுக்கவில்லை.